வாடகைச் சான்றிதழ்

பயோடேட்டாவை மோந்து பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. மில்லர்புரத்தில் எங்கள் உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் மாடி அலுவலகத்தில் அந்தத் திமிருக்குப் போட்டியே இல்லை. அங்கே வேளாண்மை படித்தவன் நான் ஒருவன்தான்.

விளாத்திகுளம் பக்கத்துக்குக் கள அலுவலர் ஒருவர் தேவைப்பட்டார். விவசாயிகளை நேரில் சந்தித்துப் பழகியிருக்க வேண்டும், பயிர் ஆலோசனை சொல்லியிருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து இரண்டு வருட அனுபவம். வந்த பயோடேட்டாக்களில் முக்கால்வாசி ஒரே அச்சு. கடைசி வருடத்தில் எல்லாரும் கட்டாயமாகப் போகும் கிராமத் தங்கல் பயிற்சியைத்தான் ‘விவசாயிகள் தொடர்பு அனுபவம்’ என்று எழுதியிருந்தார்கள். விதை நேர்த்தி செய்து காட்டினேன், பூச்சி பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தேன் என்று எல்லாவற்றிலும் இருந்தது. நானும் வைத்தவன்தான். போட்டோ எடுத்ததும் பொறியைக் கழற்றி அடுத்த குழுவிடம் கொடுத்துவிடுவோம்.

ஆலந்தலைப் பெண் ஒருத்தியின் தாளும் அப்படித்தான் தொடங்கியது. கடற்கரைக்காரிக்கு என்ன பயிர் தெரியும் என்று மனதுக்குள் ஒரு நக்கல் வேறு. கடைசிப் பக்கத்தின் அடியில், ‘இதர’ என்பதற்குக் கீழே ஒரே வரி: சாத்தான்குளம் பக்கம் உரம், பூச்சிமருந்துக் கடையில் இரண்டு வருடம்.

சிவப்புப் பேனாவால் ஓரத்தில் ‘வாடகை’ என்று எழுதினேன்.

பூச்சிமருந்துக் கடைக்கு லைசென்ஸ் வேண்டுமென்றால் அதற்கென்று படித்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். ஆனால் ஆள் வராமல் சான்றிதழ் மட்டும் வந்து ஃபைலில் உட்கார்ந்துகொள்வதும் உண்டு. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? படித்து முடித்த புதிதில் என் சான்றிதழும் ஒரு கடையில் ஒரு வருடம் வேலை பார்த்தது. நான் வீட்டில் படுத்துக்கொண்டு குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆள் சேர்க்கும் வேலையைப் பார்க்கும் அக்கா காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். என் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டார். “புள்ள கீழ வந்து உக்காந்துருக்கு. நீங்களா ஒரு முடிவுக்கு வந்தா எப்படி? கடைக்குப் போன் போட்டுக் கேளுங்க” என்றார்.

கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றால் கடைக்காரர் உஷாராகிவிடுவார். அதனால் விவசாயி வேஷம் போட்டேன். போனை ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மொளகாச் செடி இலையெல்லாம் சுருண்டு போச்சு அண்ணாச்சி. ஒரு மருந்து சொல்லுங்க.”

“மேல பாத்து சுருண்டுருக்கா, கீழ பாத்தா?”

கடைக்காரர் இதைக் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. “ரெண்டு பக்கமும்தான்” என்று உளறினேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்படில்லாம் சுருளாது. கடைல நம்ம பாப்பா மொதல்ல இதத்தான் கேக்கும், கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாயிட்டு. இன்னைக்கு அதுக்குக் காய்ச்சல், பாவம். நாளைக்கு ஒரு கொப்ப ஒடிச்சிட்டு வாங்க. அது பாக்காம நான் பாட்டிலத் தொடமாட்டேன். மூணு மருந்து கேட்டு வாரவன்ட்ட ஒண்ணு போதும்ங்கும். எனக்கு யாவாரம் போச்சு. சாயங்காலமானா ஸ்கூட்டிய எடுத்துட்டு அவங்க தோட்டத்துக்கே போயிருது, பில்லு போட ஆளில்ல!”

காய்ச்சல்காரி கீழே இன்டர்வியூவுக்குக் காத்திருந்தாள். அக்கா என் மதிப்பீட்டுத் தாளை எடுத்து, விவசாயிகள் பழக்கம், பயிர் ஆலோசனை என்ற இரண்டு கட்டங்களிலும் டிக் அடித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளை உள்ளே கூப்பிட்டோம். கடை வேலையை ஏன் அடியில் ஒளித்து வைத்தாய் என்று கேட்டேன்.

“அது கடை வேலதான சார். அனுபவம்னு எப்படிப் போட? பயிற்சிக்குத்தான் காலேஜ்ல சர்டிபிகேட் தந்தாங்க.”

விஷயத்தை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், “உங்க கடைக்கு இப்ப ஒரு விவசாயி போன் பண்ணியிருக்கார். மிளகாய் இலை சுருட்டை” என்று மட்டும் சொன்னேன். காய்ச்சல் பொய் வெளியே வந்துவிட்டது என்று முகம் வெளுக்கும் என எதிர்பார்த்தேன்.

“மேலயா, கீழயா சார்?”

“ரெண்டு பக்கமும்னாராம்.”

“மேல சுருண்டா இலைப்பேன், கீழ சுருண்டா சிலந்திப்பேன். ரெண்டுக்கும் மருந்து வேற. அவருக்குச் சொல்லத் தெரியல போல. பக்கத்துல எவனாவது கண்டதையும் அடிக்கச் சொல்லிருவான்.” பையிலிருந்து போனை எடுத்தாள். “நம்பர் இருக்கா சார்? திரும்பிப் போற வழின்னா ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவேன்.”

அந்த விவசாயி நான்தான் என்று அக்காதான் சொன்னார், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப செடிக்கு ஒண்ணுமில்லல்லா சார்? நல்லது.”