விலை உயர்வுக் கடிதமும் கறுப்புக் கோடும்

மூன்று வருடம் விலையை ஏற்றாமல் அச்சகத்தை ஓட்டினோம். அந்த மூன்று வருடத்தில் காகிதம் ஐந்து முறை விலை ஏறியது. அச்சு பிளேட், மை, கரண்டு, மெஷின்மேன் சம்பளம் எல்லாம் ஏறின. ஐம்பது பில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல், வரிசை எண், கிழிப்பதற்கு ஓட்டைக் கோடு, தைத்து அட்டை ஒட்டிய பில் புத்தகம் ஒன்றை எண்பத்தைந்து ரூபாய்க்குக் கொடுத்துவந்தோம். ஒரு மாலை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காகிதம், பிளேட், கூலி எல்லாம் போக எங்களுக்கு நின்றது மூன்று ரூபாய் நாற்பது காசு. கிழிந்து வீணாகும் தாளை அதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதுவும் நிற்காது.

நூறு ரூபாய் ஆக்காமல் வழியில்லை என்று முடிவானது. அதை யாரிடமும் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அச்சகம் திருப்பனந்தாளில் கடைத்தெருவை ஒட்டி இருக்கிறது. கணினியில் எழுத்துக் கோத்துப் பக்கம் அமைப்பது என் மருமகள். மெஷின் ஓட்டுபவர் எங்களிடம் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார். நான் கணக்கும் பிழைதிருத்தமும் பார்க்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் எண்பத்திரண்டு பேர். அவர்களில் அணைக்கரை சாலையில் அரிசி ஆலை வைத்திருப்பவர் ஒருவர். எடைச் சீட்டு, லோடு சீட்டு, பில் புத்தகம், மூட்டையில் கட்டும் சீட்டு என்று எங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அவர் போய்விட்டால் மெஷின்மேனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. இது எனக்கும் தெரியும், மெஷின்மேனுக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

"வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா போதும் மாமா," என்றாள் மருமகள்.

"முப்பது வருஷமா வர்றவங்களுக்கு மெசேஜா? லெட்டர்தான் போகணும். நம்ம அச்சுல, தபால்ல."

"சரி, போகட்டும். ஆனா வருத்தம்னு ஆரம்பிக்காதீங்க."

நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். 'பேரன்புடையீர், ஆழ்ந்த வருத்தத்துடன் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது' என்று எழுதினேன். விலை ஏற்றுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதை மறைத்து, 'மகிழ்ச்சியுடன்' என்றா எழுதுவது? அதன்பின் காகித விலையும் கூலியும் ஏறியதைச் சொன்னேன். எந்தெந்த வேலைக்குப் பழைய விலை என்ன, புது விலை என்ன என்று ஒரு பட்டியல் கொடுத்தேன். தை முதல் தேதியிலிருந்து புது விலை, அதற்குமுன் கொடுக்கும் ஆர்டர்களுக்குப் பழைய விலையே என்றும், தரத்தில் குறை வைக்கமாட்டோம் என்றும் எழுதி முடித்தேன். மருமகள் படித்துப் பார்த்து, ஒரு வரியைக்கூட அடிக்காமல் உதட்டை மட்டும் பிதுக்கினாள்.

கார்த்திகையின் முதல் வாரம். மழை விடவில்லை. அன்றைக்கு மெஷினில் ஏற வேண்டிய வேலை ஒரு கருமாதிப் பத்திரிகை, நூறு பிரதி. ஒரு தாளில் இரண்டு பத்திரிகை அடிக்கலாம். தாளின் ஒரு பாதியில் பத்திரிகையும் மறு பாதியில் என் கடிதமும் அடித்தால் ஒரே பிளேட்டில் இரண்டு வேலையும் முடிந்துவிடும், மையையும் மாற்ற வேண்டாம், ரோலரையும் இரண்டாம் தரம் கழுவ வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அச்சகக்காரர்கள் எல்லோரும் இப்படி வேலைகளைச் சேர்த்து அடிப்பதுண்டு. நேராக வெட்டவேண்டும் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே அளவில் கறுப்புக் கோட்டுச் சட்டம் போடச் சொன்னேன்.

மெஷின்மேன் முதல் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் துக்கம்தானேய்யா. ஒண்ணாவே போகட்டும்," என்றார்.

நாங்கள் சிரித்தோம். மருமகள்கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்ந்ததும் யோசித்திருக்கவேண்டும். வெட்டி, மடித்து, தபால்தலை ஒட்டி, எண்பத்திரண்டையும் நானே அஞ்சலகத்தில் சேர்த்தேன். முகவரிகள் எங்கள் பழைய பதிவில் இருந்தவை. கல்யாணப் பத்திரிகைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து வந்ததால் அதில் பெரும்பாலும் வீட்டு விலாசங்கள்தான். கடைக்கோ ஆலைக்கோ போகவேண்டிய கடிதங்கள் வீடுகளுக்குப் போயின.

எங்கள் பக்கத்தில் நல்ல சேதி எதுவானாலும் ஓரத்தில் மஞ்சள் தடவித்தான் வரும். மஞ்சள் இல்லாமல், கறுப்பு மையில், கறுப்புக் கோட்டுக்குள் வரும் அட்டை ஒன்றே ஒன்றுதான். அதை வாசலிலேயே நின்று படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள். இந்தப் பழக்கம் தெரியாத அச்சகக்காரன் இந்தச் சீமையில் கிடையாது. நான் அந்த அட்டையை எத்தனை ஆயிரம் அடித்திருப்பேன். அடிக்கிறவனுக்கு அது காகிதமும் மையும்தான் என்று ஆகிவிட்டது போலிருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு பாத்திரக்கடைக்காரர் போன் செய்தார். "என்னங்க ஆச்சு? வீட்டுல யாரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் விளங்காமல், "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றேன். "அப்புறம் எதுக்குங்க..." என்று தயங்கி, "சரிங்க, சரிங்க" என்று வைத்துவிட்டார். அடுத்து வந்த ஐந்து அழைப்புகளும் அப்படித்தான். ஆறாவது போனை வைத்தபோது மருமகள் எழுந்துபோய் மிஞ்சியிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் கருமாதிப் பத்திரிகையின் மாதிரியையும் வைத்தாள். எட்டடி தள்ளி நின்று பார்த்தால் எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை ஆலைக்காரர் வந்தார். எப்போதும் வண்டியை விட்டு இறங்கும்போதே குரல் கொடுப்பவர், அன்று நேராக உள்ளே வந்து என் எதிரில் நின்றார்.

"உக்காருங்க தம்பி."

"பரவால்லண்ணே. நின்னுட்டே சொல்லிடுறேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "பேத்திக்கு நேத்து நிச்சயதார்த்தம். காலைல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து இறங்குறாங்க. வாசல்ல தாம்பாளத்தோட என் சம்சாரம் நிக்கிறா. போஸ்ட்மேன் அந்த நேரம் பாத்து உங்க அட்டையை அவ கையில குடுத்துட்டுப் போறாரு. வந்தவங்க அத்தனை பேரும் பாத்தாங்க."

மேஜையில் கிடந்த அட்டையை நான் கவிழ்த்து வைத்தேன்.

"வருத்தத்துடன்னு ஒரு வரிதான் படிச்சா. அப்படியே கிழிச்சுப் போட்டுட்டா. எந்த ஊர்ச் சாவுன்னு சம்பந்திங்க கேட்டாங்க. யாருக்குத் தெரியும்? கிழிச்சதைப் பொறுக்கி ஒட்டவச்சுப் பாத்தா, பில் புத்தகம் நூறு ரூவான்னு போட்டிருக்கு."

மெஷின்மேன் மெஷினை நிறுத்திவிட்டார்.

"தப்பு எங்களுதுதான் தம்பி," என்றேன். "வீட்டுக்கு வந்து உங்க வீட்டம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிறேன்."

"விலை ஏத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணே. நெல்லு விலை ஏறுனா நானும் அரிசி விலையை ஏத்தாமயா விக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

அன்று மாலையே போனேன். மருமகள் கடிதத்தைப் புதிதாக அமைத்திருந்தாள். 'தாங்கள் எங்களுக்கு அளித்துவரும் ஆதரவுக்கு நன்றி' என்று ஆரம்பம், பச்சை மை, சட்டம் கிடையாது. நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தோம். எண்பத்திரண்டு பேருக்கும் அதை மறுபடி அனுப்புவதென்று முடிவு. மிச்சம் பிடித்தது ஒரு பிளேட்டும் ஒரு கழுவலும், செலவழிந்தது அதைப்போல் ஏழு மடங்கு. ஆலைக்காரர் வீட்டுக்கு மட்டும் தபாலில் போடாமல் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு நானே கொண்டுபோனேன்.

அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து நிச்சயதார்த்தத்தில் மீந்த பூவைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆலைக்காரர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். நான் தட்டை நீட்டினேன். அந்த அம்மாள் எழுந்து இரண்டு கையாலும் வாங்கினார்.

"மெஷின்ல ஓடுன கறுப்பு மையிலயே இதையும் சேத்து அடிச்சுட்டேம்மா. நல்ல நாள்ல உங்க கையில வந்து சேந்துருச்சு. மன்னிச்சுக்கங்க."

"உங்க மேல எனக்கு என்னங்கண்ணே கோவம்," என்றார் அவர். "என் பொண்ணு கல்யாணத்துக்கு, பையன் கல்யாணத்துக்கு, எங்க மாமனார் காரியத்துக்கு, எல்லாத்துக்கும் நீங்கதானே அடிச்சுக் குடுத்தீங்க. வேணும்னேவா செஞ்சீங்க?"

"அப்ப பேத்தி கல்யாணப் பத்திரிகை..." என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்திருக்கக் கூடாது.

அவர் கணவரைப் பார்த்தார். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது மட்டும் வேணாங்கண்ணே. சம்பந்தி வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்குத் தலைவலி வந்தாக்கூட அந்த அட்டையச் சொல்லுவாங்க. எனக்கும் மனசு ஒப்பல. கும்பகோணத்துல குடுத்துடறோம்."

"ஆலை வேலை எப்பவும்போல உங்ககிட்டதான். புது விலைக்கே போடுங்க," என்றார் ஆலைக்காரர். "அவ சொல்றது வேற கணக்குண்ணே."

நான் காப்பி குடித்துவிட்டு எழுந்தேன். வழியெல்லாம் சம்பா வயலில் தண்ணீர் நின்றது. நான் எதற்காகப் போனேனோ அது கிடைத்துவிட்டது. மெஷின்மேன் சம்பளத்துக்குப் பழுதில்லை. பின்னால் விலை ஏறியதற்காக எண்பத்திரண்டு பேரில் நான்கு பேர்தான் விலகினார்கள், நான் பத்து என்று எதிர்பார்த்திருந்தேன். கணக்கில் இது லாபம்தான். அன்று திரும்பிவந்து, ஆலை வேலை நம்மிடம்தான் என்று மெஷின்மேனிடம் சொன்னபோது, "அப்ப பொழைச்சோம்யா," என்று சொல்லி மெஷினைப் போட்டார். பத்திரிகை விஷயத்தை நான் சொல்லவில்லை. அடுத்த நாள் அவராகவே, "பேத்தி பத்திரிகைக்கு அட்டை மாதிரி எடுத்து வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்கழி பிறப்பதற்கு நான்கு நாள் முன்பு ஆலைக்காரரும் அந்த அம்மாளும் வந்து எங்களைக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள். தட்டில் பத்திரிகை, குங்குமம், ஓரமெல்லாம் மஞ்சள். அவர்கள் போனபின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். உறவுமுறை வரிசை, ஊர்ப்பெயர்கள், முகூர்த்த நேரம், எல்லாம் சரி. இரண்டு முறை படித்தும் ஒரு பிழை அகப்படவில்லை. தங்க நிறத்தில் அச்சு, கனமான அட்டை. இந்த அளவுக்கு, இந்த அட்டைக்கு, கும்பகோணத்தில் என்ன வாங்கியிருப்பார்கள் என்று மனக்கணக்குப் போட்டேன். எங்கள் புது விலையைவிட ஒரு பத்திரிகைக்கு ஒன்பது ரூபாயாவது கூட. அவர்கள் அதைப் பேரம் பேசாமல் கொடுத்திருக்கிறார்கள்.

மருமகள் வந்து தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.

"நல்லா அடிச்சிருக்காங்கல்ல மாமா?"

"நல்லாத்தான் அடிச்சிருக்காங்க," என்றேன். "கல்யாணத்துக்குப் போகணும். என்னைக்குன்னு நாட்காட்டியில குறிச்சு வை."