அக்காவுக்கென்று எழுதப்படாத வரி

என் மொழிபெயர்ப்புகளை என் மனைவி சரிபார்த்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தமிழாக்கிய தாளை மட்டுமே அவளிடம் கொடுப்பேன். ஆங்கில மூலத்தைக் காட்ட மாட்டேன். அவள் என் தமிழைப் படித்து, தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் அதைத் திரும்பவும் ஆங்கிலத்தில் எழுதுவாள். பிறகு சமையலறை மேசையில் மூலத்தையும் அவளுடைய ஆங்கிலத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டும் விலகும் இடத்தில் சிறியதாக ஒரு வட்டம் போடுவாள். அந்த வட்டத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். அவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஓய்வுக்குப் பின் பிரிஞ்சாங் மலையூருக்கு மேலே, காய்கறி லாரிகள் திணறி ஏறும் ஒரு சந்தில் வீடு எடுத்து, இருவரும் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவந்தோம். கீழே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அவளுடைய அக்கா இருந்தார். தாய் இறந்தபின் அவளைத் தூக்கி வளர்த்தவர். அவள் படிக்க வேண்டுமென்பதற்காகவே ஆறாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனவர்.

ஒருமுறை அந்தத் தோட்டத்துக்காகப் பூச்சிமருந்துக் கலனின் எச்சரிக்கைகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். மருந்து அடித்த இடத்துக்குள் தொழிலாளர்கள் எவ்வளவு நேரம் கழித்துப் போகலாம் என்பதைப் பற்றிய வரியை, “மறுநுழைவு இடைவெளி: இருபத்து நான்கு மணி நேரம்” என்று எழுதியிருந்தேன். மனைவி அதை ஆங்கிலமாக்கினாள். மூலத்தோடு அட்சரம் பிசகாமல் பொருந்தியது. வட்டமே இல்லை. நான் திருப்தியோடு தாளை எடுக்கப் போனேன். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

“வட்டம் போட ஒண்ணுமில்ல. ஆனா இத யாரு படிக்கப் போறா?”

“வேலையாட்கள்தான்.”

“படிச்சிட்டு என்னா செய்யணும்?”

“உள்ளே போகாமல் இருக்க வேண்டும்.”

“கோர்ட்டு ஐயா, ஜட்ஜு வந்து மருந்து அடிக்க மாட்டாரு.”

மறுநாள் காலை, தோட்டத்தில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு என்னைக் கூட்டிப்போய், அக்கா கையில் அந்த எச்சரிக்கையை எழுதிய அட்டையைக் கொடுத்தாள். அக்கா அப்போது இன்னும் வேலையில் இருந்தார். உரக்கப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மறுநுழைவு இடைவெளி... என்னா மாப்பிள்ள இது, பூசாரி சொல்ற மந்திரமா? தட்டுல காசு போடணுமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றே அந்த வரியை மாற்றினேன்: “மருந்து அடித்த காட்டுக்குள் மறுநாள் இதே நேரம் வரை யாரும் இறங்கக் கூடாது.” வட்டமற்ற மொழிபெயர்ப்பும் தவறாக இருக்கலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான், அல்லது கற்றுக்கொண்டதாக நம்பியது.

ஏனெனில் என் பழக்கம் வேறு. சாட்சி ஒருவன் கூண்டில் நின்று, “அவன வெட்டிப் போட்டுருவேன்னு கோவத்துல சொன்னேன்” என்றால், அதை “மிரட்டினேன்” என்று மெருகேற்ற எனக்கு உரிமையில்லை. வெட்டுவதையும் கோபத்தையும் அப்படியே நீதிபதியிடம் சேர்க்க வேண்டும். எடை போடுவது அவர் வேலை. நான் மென்மையாக்கினால், அவர் எடை போட வேண்டியதில் ஒரு பங்கைத் திருடியவனாவேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே வாழ்ந்தேன். அது மொழிபெயர்ப்பு முறையாக மட்டும் நிற்கவில்லை. என் குணமாகவும் ஆகிவிட்டது. என் மனைவி அதைக் கேலி செய்தபடியே சகித்துக்கொண்டாள்.

அவளுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. முதல் சுற்று மருந்து பலனளிக்கவில்லை. ஈப்போ மருத்துவமனையில், இன்னொரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம், சில மாதங்கள் கூடலாம், கூடாமலும் போகலாம் என்றார் மருத்துவர். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்து, வேண்டாம் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அக்காவுக்குத் தெரிய வேணாங்க. தெரிஞ்சா என்னய இழுத்துக்கிட்டு ஊரு ஊரா அலையும். இல்லன்னா பக்கத்துல உக்காந்து அழும். எனக்கு அது ரசம் வெச்சுக் குடுத்து, உப்புக் கொறச்சலான்னு கேக்கணும். அவ்ளோதான்.”

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் தாதிகள் வாய்தவறி அக்காவிடம் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, இங்குள்ள கிளினிக்குக்கு எழுதிய கடிதத்திலேயே மருத்துவர் அதைக் குறித்தார். நான்கு வரிகள். நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பது முதல் வரி. வலிக்கு என்ன மருந்து என்பது இரண்டாவது. மேற்கொண்டு சிகிச்சை அளிக்க முன்வந்தோம், நோயாளி முழு விவரமும் அறிந்தே மறுத்துவிட்டார் என்பது மூன்றாவது. இந்நிலை தம் அக்காவுக்குத் தெரிவிக்கப்படலாகாது என்று நோயாளி கேட்டுக்கொண்டுள்ளார், கணவர் அறிவார் என்பது நான்காவது. கடிதத்தை வாங்கி அவளே படித்தாள். “டாக்டரு சரியா எழுதியிருக்காரு” என்றாள். வட்டம் போட இடமில்லை என்று சொல்வது போலிருந்தது.

அடுத்த நான்கு மாதங்களும் அக்கா தினமும் தோட்டத்து வேன் பிடித்து மேலே வந்தார். வயிற்றுப்புண் என்று நம்பினார். மாத்திரையில் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நம்பினார். ரசம் வந்தது. உப்பைப் பற்றிய விசாரணையும் தவறாமல் நடந்தது. கடைசி வாரத்தில் இரண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. அப்போதும் என் மனைவி, “உப்பு கொஞ்சம் தூக்கலு, அக்கா” என்றாள். அக்கா, “ஒனக்கு நாக்கு செத்துப்போச்சுடி” என்றார்.

கருமாதியன்று, உறவினர் அனைவரும் இருக்கையில், அக்கா என்னை நோக்கிச் சொன்னார்:

“எவ்ளோ படிச்சவரு. கோலாலம்பூருக்குக் கொண்டு போயிருக்கலாம்லா? பெரிய டாக்டர்ங்க இருக்காங்கல்ல? பொண்டாட்டிய வீட்டுலயே படுக்க வெச்சு அனுப்பிட்டீங்களே, மாப்பிள்ள.”

இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

“அந்த நர்ஸுப் பொண்ணு ஒரு லெட்டர வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும்ல? அது ஒங்ககிட்டதான இருக்கு? அதுல என்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல எழுதிக் குடுங்க. வாயால சொல்லாதீங்க. நான் வூட்டுல வெச்சுப் படிச்சுக்கிறேன்.”

கிளினிக்கிலிருந்து வாங்கிய அந்தக் கடிதத்தின் நகல் என் கோப்பில் இருந்தது. அன்று மாலை மேசையில் அமர்ந்தேன். முதலில் எழுதியது இப்படி இருந்தது: நோய் முற்றியிருந்தது, அதற்கு மேல் எந்த மருத்துவமனையிலும் குணப்படுத்த வழியில்லை, வலி தெரியாமலிருக்க மருந்து கொடுக்கப்பட்டது. அவ்வளவுதான். இதில் பொய் எதுவுமில்லை. அக்கா படிப்பார், கோலாலம்பூரும் பயன்பட்டிருக்காது என்று அறிவார், அழுது ஓய்வார். பூச்சிமருந்து அட்டைக்குச் செய்தது போலத்தான் இதையும் செய்திருந்தேன்.

பிறகு, சரிபார்க்க ஆளில்லாததால், தாளைத் திருப்பி நானே பென்சிலால் ஆங்கிலமாக்கினேன். மூலத்தோடு ஒப்பிட்டேன். கடைசி இரண்டு வரிகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. என் மனைவி எடுத்த முடிவு அந்த வெறுமைக்குள் போயிருந்தது. ஒரு வட்டம் போட்டேன். அவளுடைய வட்டங்களைவிட அது பெரிதாக விழுந்தது.

அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, நான்கு வரிகளையும் வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல், நீதிமன்றத்துக்குச் செய்வதுபோலவே தமிழாக்கினேன். அக்காவுக்கு உண்மையை அறிய உரிமையுண்டு, எடை போடுவது அவர் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல வாதம். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் மூன்றாவது வரியை எழுதும்போது என் மனம் இலேசானதை நான் கவனித்தேன். ‘நோயாளி மறுத்துவிட்டார்.’ நான் அல்லன், நோயாளி. அந்த இலேசுக்காகத்தான் முழுவதையும் எழுதினேன் என்பதை இப்போது மறுப்பதற்கில்லை.

தாளை மறுநாள் லயத்துக்கு நானே கொண்டுபோனேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டு மெதுவாகப் படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது.

“வேணாம்னு அவளேவா சொன்னா?”

“ஆமாம் அக்கா.”

“ஒங்களப் போயி அத்தன பேருக்கு முன்னால...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. விரல் கீழே இறங்கியது. நான்காவது வரியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நாலு மாசம். நான் ரசம் கொண்டாந்தப்பல்லாம் அவளுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். அந்த நர்ஸுப் பொண்ணுக்கும் தெரியும்.” தாளை மடியில் வைத்தார். “எனக்குத் தெரிய வேணாம்னு அவ சொன்னத, எனக்கே எழுதிக் குடுத்திருக்கீங்களே, மாப்பிள்ள. நீங்க படிச்சவரு.”

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பி நடக்கையில்தான், மேசையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி மனைவியின் குரலில் எனக்குக் கேட்டது. இத யாரு படிக்கப் போறா? அந்த வரி தாதிகள் படிப்பதற்காக எழுதப்பட்டது. படித்துவிட்டு அவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அக்காவிடம் பேசாதிருப்பது. அக்காவிடம் போய்ச் சேராமல் இருப்பதற்காகவே எழுதப்பட்ட ஒரு வரியை, ஒரு சொல்லும் சிந்தாமல் அக்காவிடமே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். மூன்றாவது வரியோடு நின்றிருக்கலாம். அவளுடைய முடிவும் இருந்திருக்கும். அவள் கேட்டுக்கொண்டதும் காப்பாற்றப்பட்டிருக்கும். முதல் தாள் அவளை விழுங்கியது. இரண்டாவது அவளைக் காட்டிக்கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் இருந்தது. அவள் இருந்திருந்தால் அதை எழுத வைத்திருப்பாள்.

மழை விட்டிருந்தது. கீழ்ச்சரிவில், வங்காளதேசத்துப் பையன்கள் இருவர் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அக்கா மேலே வந்தார். இம்முறை உள்ளே வந்து, மேசை எதிரே அமர்ந்தார். தூக்குச்சட்டியை வைத்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காகிதத் துண்டை எடுத்தார். கத்தரிக்கோலால் நேராக, கவனமாக வெட்டப்பட்டிருந்தது. நான்காவது வரி.

“மத்தத அவ படத்துக்குப் பின்னால வெச்சிருக்கேன். அது எனக்குப் போதும். இது எனக்குன்னு அவ சொன்னது இல்ல. ஒங்ககிட்ட சொன்னது. நீங்களே வெச்சுக்குங்க.”

“மன்னித்துவிடுங்கள் அக்கா.”

“சாப்புடுங்க. ஆறிடப் போவுது.”

ரசத்தில் உப்புச் சரியாக இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் போனபின் அந்தத் துண்டைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் ஆங்கிலத்தில் எழுதினேன். மருத்துவரின் கடிதத்தை எடுத்து அருகில் வைத்தேன். ஒரு சொல்லும் விலகவில்லை.