ஆர் கேட்டின் முதுகு

1. டிஜிட்டல் எலெக்ட்ரோனிக்ஸ் கடைசிக் குவிஸ் முடிந்தது. எங்கள் வகுப்பு வழக்கப்படி, பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொண்டோம். பச்சைப் பேனாவால் திருத்திக் கையெழுத்திட வேண்டும்.
2. என் பக்கத்து இருக்கைக்காரியின் தாள் என்னிடம் வந்தது, என் தாள் அவளிடம் போனது.
3. அவளுடைய மூன்றாம் விடைக்கு நான் பச்சையில் ஒரு பிழைக்குறி போட்டேன். ஆறு மதிப்பெண் போனது.
4. அரை மணி நேரத்துக்குள் அந்தக் குறியை நானே அடித்து நீக்கினேன்.

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் உள்ள தொழிற்சாலை ஒன்று எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைத் தொழிற்பயிற்சிக்கு எடுக்கும். மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து, பாடம் எடுக்கும் மேடம் பெயர் கொடுப்பார். அந்தக் குவிஸ் வரை நானும் அவளும் சமம். நான் செமோரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தேன். ஜெலாப்பாங் கிடைத்தால் அங்கிருந்தே போய்வரலாம். கிடைக்காவிட்டால் சுங்காய்க்குத் திரும்ப வேண்டும், அப்பா லாரி ஓட்டும் ஊருக்கு. அவளோ ஈப்போவில் பிறந்தவள். அவள் அப்பா மின் பொறியாளர். சாப்பாட்டு மேசையில் கேட்டதையே வகுப்பில் இன்னொரு முறை கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவள் வரையும் சுற்றுப் படங்கள் அழகாக இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அந்த மூன்றாம் கேள்வி கொடுத்த பூலியன் கோவை இது (மேற்குறி ' என்றால் மறுப்பு, 1 இருந்தால் 0 ஆகும், 0 இருந்தால் 1 ஆகும்): F = (AB)'C + BC'. அதைச் சுருக்காமல், கேட்டுகளை இணைத்த மின்சுற்றாக வரைய வேண்டும்.

முதல் பகுதியான (AB)' என்பதற்கு வழக்கமாக எல்லோரும் நேண்ட் கேட் வரைவார்கள். அவள் வேறு விதமாக, உள்ளே நுழையும் இரண்டு கோடுகளிலும் மறுப்பைக் குறிக்கும் சிறு வட்டம் வைத்து ஒரு கேட் போட்டிருந்தாள். அது ஆர் கேட் என்றால் சரி, ஏனென்றால் A' + B' என்பதும் (AB)' என்பதும் ஒன்றே. அண்ட் கேட் என்றால் A'B' ஆகிவிடும், தவறு. ஆர் கேட்டின் முதுகு, அதாவது கோடுகள் நுழையும் பக்கம், உள்நோக்கி வளையும், அண்ட் கேட்டின் முதுகு நேராக நிற்கும். அவள் கைவரைந்த முதுகு மிகக் கொஞ்சமாகத்தான் வளைந்திருந்தது. நேர்க்கோடு என்று நான் முடிவு செய்தேன். முடிவு செய்தேன் என்பதே சரியான சொல்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஏன்லா பிழை?"

"அண்ட் வரைஞ்சிருக்க. வெளிய வர்றது தப்பா போகும்."

"அது ஆர்லா. முதுகப் பாரு."

"எங்க வளைஞ்சிருக்கு? நேராத்தான் இருக்கு."

"உனக்குக் கண்ணாடி மாத்தணும் போல." சிரித்துவிட்டு என் தாளை என் பக்கம் தள்ளினாள். "உனக்கு ஒரு மார்க் கட். B கோடு பிரியுற இடத்துல புள்ளி வைக்கல. சேருதா, தாண்டிப் போகுதான்னு எப்படித் தெரியும்?"

புள்ளி இல்லாவிட்டால் இணைப்பு இல்லை என்று மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். பார்த்தேன். புள்ளி இல்லை. அவள் சொன்னதில் பிழை இல்லாததுதான் என்னை அதிகம் எரித்தது.

"உன் முடிவு, உன் கையெழுத்து," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். கெஞ்சியிருந்தால் நான் மாற்றியிருக்க மாட்டேன், கெஞ்சாததால்தான் சரிபார்க்கத் தோன்றியது.

A, B, C எடுக்கக்கூடிய எட்டு நிலைகளையும் ஒரு தாளில் அட்டவணையாக எட்டு வரிகளில் எழுதினேன். அந்தக் கேட்டை ஆர் என்று வைத்தால் எட்டும் கோவையோடு பொருந்தின. அண்ட் என்று வைத்தால் இரண்டு வரிகள் பிசகின: A, B, C முறையே 1, 0, 1 ஆகவும் 0, 1, 1 ஆகவும் இருக்கும்போது. கோவை 1 தருகிறது, படம் 0 தருகிறது. ஆகவே எல்லாமே அந்த முதுகில் நின்றது.

அதே படத்தில் அவள் வரைந்த இரண்டு அண்ட் கேட்டுகளையும் பார்த்தேன். இரண்டின் முதுகும் ரூலர் வைத்து இழுத்தவை. பென்சில் காகிதத்தில் பள்ளம் போட்டிருந்தது. கடைசியில் இருந்த ஆர் கேட்டின் முதுகு, நான் பிழை போட்ட கேட்டைப் போலவே லேசாக வளைந்திருந்தது. இனி எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. பிழைக்குறியை அடித்து, ஆறு என்று எழுதி, பக்கத்தில் மறுபடியும் கையெழுத்திட்டேன்.

மேடம் தாளை வாங்கும்போது கேட்டார். "ஏன் அடிச்சுத் திருத்தியிருக்க?"

"முதல்ல தப்பா பாத்துட்டேன், மேடம்."

"தப்பா பாத்தியா, இல்ல பாக்கவே இல்லையா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த தாளை வாங்கினார்.

ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் பெயர் அவளுடையதாயிற்று. இப்போது அவள் ஜெலாப்பாங்கில் சர்க்கிட் பலகைகளைச் சோதிக்கிறாள். நான் சுங்காயில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவரிடம் பயிற்சியில் இருக்கிறேன். அவள் அங்கிருந்து அனுப்பும் படங்களைத் திறந்து பார்க்கிறேன், பதில் எழுதுவதில்லை. பொறாமை குறையவில்லை. அந்த ஆறு மதிப்பெண் அவளுடையது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.