யாரும் சிரிக்காத நகைச்சுவை

சங்கு என்றால் ஆலையில் எல்லோருக்கும் தெரியும். கொதிகலன் இரைச்சலை மீறிக் கத்திக் கத்தியே குரல் பெருத்துப்போன ஆபரேட்டர். ஆனால் நாலு பேர் முன்னால் நிற்கச் சொன்னால் அந்தக் குரல் வெளியே வராது. அவரைப் போய் ஓய்வுபெறும் மேனேஜரைக் கலாய்த்துப் பேசச் சொல்லிவிட்டார்கள். அவர் பேசுகிற நேரத்துக்குக் கொதிகலனைப் பார்த்துக்கொள்ள, அங்கேயே உதவியாளாக இருந்த மைத்துனன் ஒத்துக்கொண்டான்.

ஒரு வாரம் சமையலறையில்தான் ஒத்திகை.

"ரயில் பிடிக்கவா போற? சிரிப்பு வர்ற இடத்துல நிறுத்து" என்றாள் மனைவி. "பேப்பர் வேண்டாம், கை நடுங்குறது தெரியும். கெட்டி அட்டையில எழுது. முதல் வரிய மட்டும் தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லணும்."

"யாருமே சிரிக்கலன்னா?"

"உன்னையே கிண்டல் பண்ணிக்கோ. அதுக்கா விஷயம் இல்ல!"

கேன்டீனில் மைக்கைப் பிடித்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். முதல் வரி தானாக வந்தது. சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார்.

அடுத்த நகைச்சுவை, வீட்டில் மனைவியை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வைத்தது. "நம்ம சார் அவ்வளவு சிக்கனம். கொதிகலன்ல பிரஷர் ஏறி, பாதுகாப்பு வால்வு ஆவிய வெளிய விட்டாக்கூட, 'எங்க போற, கேட் பாஸ் இருக்கா'ன்னு கேப்பாரு!"

நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் வரிசையில், கொதிகலனைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர்கள் முகம் வெளிறிக் குனிந்துகொண்டார்கள். மேனேஜரின் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"வீட்ல என் பொண்டாட்டி இதுக்குச் சிரிச்சா. பாவம், எங்கூட குடித்தனம் பண்றவ, வேற வழி?"

கூடம் கொல்லென்று சிரித்தது. ஃபிட்டர்கள் மட்டும் நிமிரவில்லை. மட்டமான நகைச்சுவைக்கு மனிதர்கள் முகம் சுளிப்பார்கள், வெளிறமாட்டார்கள். சங்கு சிரித்த முகத்தோடே கேட்டார்.

"என்ன ஃபிட்டரண்ணே, நம்ம வால்வுக்குக் கேட் பாஸ் குடுத்தாச்சா இல்லியா?"

மறுபடியும் சிரிப்பு. மூத்த ஃபிட்டர் மேனேஜரை ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்ல, இல்லையென்று தலையாட்டினார். விரலால் எதையோ கம்பி சுற்றிக் கட்டுவதுபோல் காட்டினார்.

சங்கு அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தார். அதுவும் பேச்சில் ஒரு பகுதி என்று நினைத்து விசிலடித்தார்கள். "பாதியில எங்கய்யா ஓடுற?" என்று மேனேஜர் சத்தம் போட்டார். அதற்கும் சிரிப்பு.

வெளியே ஓடிக்கொண்டே போன் போட்டார். நாலாவது மணியில் மைத்துனன் எடுத்தான்.

"மாமா, பிரஷர் ஊசி சிவப்பைத் தாண்டிருச்சு. வால்வு ஏன் இன்னும் திறக்கல?"

"அது திறக்காதுடா. ஆவி வீணாகுதுன்னு கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்காங்க. பர்னர அணைச்சியா?"

"இல்ல, உங்களக் கேட்டுட்டு..."

"அணை! அணைச்சுட்டு வெளிய ஓடு!"

பின்னால் கேன்டீனில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.