ஒன் ஆகாத ஜீபிஎஸ்

கணவர் கடலோடு போய் ஆறாம் மாதம், கடலில் இடம் பார்க்க அவர் வைத்திருந்த கைக்கடக்கமான ஜீபிஎஸ்ஸை விற்க முகநூல் குழுவொன்றில் போட்டேன். அதைப் பார்க்கும் நேரமெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒளிக்காமல் எழுதினேன். ‘உப்புத் தண்ணி போனது. ஒன் ஆகாது. பற்றரி போடும் இடம் பச்சை பிடித்துவிட்டது. கண்ணாடியில் கீறல் இல்லை. திருத்தவோ கழற்றி எடுக்கவோ மட்டும். திருப்பி எடுக்கமாட்டோம்.’

அதைப் பார்த்துவிட்டு நுரைச்சோலையிலிருந்து ஒரு முஸ்லிம் நானா வாங்க வந்தார். அவரும் கடல் தொழில்தான். தன்னிடமும் அதே மொடல் இருக்கிறது, கண்ணாடிதான் வெடித்துவிட்டது என்றார்.

“எப்படித் தங்கச்சி தண்ணி போன?”

நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். “அவர்ர காற்சட்டைப் பொக்கட்டுக்குள்ள இருந்தது. மூணாம் நாள்தான் கரையொதுங்கினவர்.”

நானா கதிரையில் உட்கார்ந்து, சின்னத் திருப்புளியால் கழற்றி, கண்ணாடி பதித்த முன்மூடியை மட்டும் எடுத்துக்கொண்டார். உள்ளே இருந்த பச்சைத் தகட்டை என் கையில் வைத்தார்.

“அவர் மீன் புடிச்ச இடத்துப் பொயின்ட் எல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கும். இன்னொருத்தன்ட பொயின்ட்ட நாங்க எடுக்கிறல்ல.”

முழுச் சாமானுக்கும் பேசிய காசைக் குறைக்காமல் தந்துவிட்டுப் போனார்.

தகடு அலுமாரியில் இருக்கிறது. கணவர் எனக்குக்கூடச் சொல்லாத இடங்களெல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவருடைய தோணி கவிழ்ந்த இடம் எதுவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. போன வழியையும் பதிகிற சாமான்; அதுவும் அதற்குள்தான் இருக்கும்.