பதினொரு விதைக் குழி

எங்கள் மாமாவுக்கு எண்ணத் தெரியாது என்று மூன்றாம் வகுப்பிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தார். நாளெல்லாம் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. அப்படிப்பட்டவர் பல்லாங்குழியில் ஒவ்வொரு ஞாயிறும் என் அத்தையிடம் தோற்றால் எட்டு வயதுப் பிள்ளை வேறு என்ன நினைக்கும்?

அத்தை, என் அப்பாவின் தங்கை, மாமாவின் மனைவி. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, பொன்னேரியில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாமாவின் வீடு மீஞ்சூரில். அவருடைய அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஒன்பதாம் மாதம்தான் தாய்வீடு, அதுவரை மருமகள் என் கண்முன்னால் இருக்கட்டும் என்று அவளை அழைத்துவர மகனை ஞாயிறுதோறும் ரயிலேற்றி அனுப்பினார். அத்தைக்கோ இங்கேயே இருக்க ஆசை. அதை மாமியாரிடம் சொல்ல வாய் வராது. மாமாவுக்கும் அம்மாவிடம் எதிர்த்துப் பேச வராது.

கடைசியில் அத்தைதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். "ஒரு ஆட்டம் ஆடலாம். நீங்க ஜெயிச்சா கெளம்பி வர்றேன். தோத்தா அடுத்த வாரம் வாங்க" என்றாள்.

பெரியபாளையம் கோயில் கடையில் வாங்கிய ரோஸ் நிறப் பிளாஸ்டிக் பலகை எங்களுடையது. ஆளுக்கு ஏழு குழி. கூட வந்த சோழிகளை நான் தொலைத்துவிட்டதால், குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. தன் பக்கத்தில் ஒரு குழியை வழித்தெடுத்து, வலப்பக்கமாகக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ளி மறுபடி போடவேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதோடு முறை எதிராளிக்குப் போய்விடும். துடைத்த குழிக்கு அடுத்ததும் காலியென்றால் வெறுங்கை. போடும்போது எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார்.

அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எனக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. தொடக்கத்தில் இடக்கோடிக் குழியை எடுத்தால், ஐந்து முறை அள்ளிப் போட்டு இரண்டு சுற்றுக்குமேல் போய், முடிவில் நம் ஐந்தாம் குழியைத் துடைத்து ஆறாம் குழியின் ஏழு விதைகளை எடுக்கலாம். தொடாமலே இதைச் சொல்லிவிடுவேன். அத்தை கையைக் கொண்டுபோவதற்குள், "அங்க முடியும், இத்தன வரும்" என்பேன். அத்தை என் கன்னத்தை வழித்து முத்தம் கொடுப்பாள். எனக்குத் தலைகால் புரியாது.

மாமாவோ எடுக்கக்கூடாத குழியாகப் பார்த்து எடுப்பார். நாலு ஞாயிறு ஆடினார், நாலும் தோற்றார். ஒவ்வொரு முறையும் தலையைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மீன்குழம்பு ஒரு பிடி பிடித்துவிட்டுப் போவார்.

ஐந்தாம் ஞாயிறு அவருடைய அம்மாவே கூட வந்துவிட்டார். "அது இன்னா ஆட்டம், வாராவாரம் இவன் தோக்கறான்? நானும் பாக்கறேன்" என்று பலகைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். என் அம்மா காபி கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாரே தவிர, பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தை ஒரே குழியை இரண்டு தடவை எண்ணியதை நான் பார்த்தேன். புதிய ஆள் முன்னால் ஆடுவதால் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் கடைசிக்கு வந்தது. இருவர் மடியிலும் ஏறக்குறைய சமமான விதை. மாமாவின் பக்கத்தில் இரண்டே குழியில் விதை இருந்தது. அவருடைய இடப்பக்கத்திலிருந்து இரண்டாம் குழியில் ஆறு, மூன்றாம் குழியில் ஏழு. அத்தையின் பக்கத்தில் மூன்றாம் குழியில் பதினொன்று குவிந்து கிடந்தது. ஏழாம் குழியில் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் காலி.

மாமாவின் கை ஏழு இருந்த குழிக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஏழையும் போட்டால் கடைசி விதை அத்தையின் குவியலிலேயே போய் விழும். அடுத்த இரண்டு குழியும் காலி. ஒன்றும் கிடைக்காது. கண்ணெதிரே ஒருவர் இப்படி ஆடுவதைப் பார்த்தும் சும்மா இருக்க நான் என்ன கல்லா? அதுவும் புதிதாக ஒருவர் வந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது!

"ஐயோ மாமா, அது வேணாம்! ஆறு இருக்குது பாரு, அத எடு. அஞ்சு உன் குழில வுழும், ஆறாவது அத்தையோட மொதக் குழில வுழும். பக்கத்துல காலி. தொடச்சா பதினொண்ணும் உனுக்குதான்!"

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன். மாமா தன் அம்மாவைப் பார்த்தார். அவர், "புள்ள சரியாத்தான் சொல்லுது. எடுடா" என்றார்.

மாமா ஆறையும் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டார். தன் கடைசிக் குழிக்கு வந்தபோது உள்ளங்கையில் வியர்வையோ என்னவோ, மிச்சமிருந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே குழியில் விழுந்தன. கை காலி. அடுத்து அத்தையின் முதல் குழி காலி, அதற்கு அடுத்ததும் காலி. துடைத்தார், வெறுங்கை.

அத்தை தாமதிக்கவில்லை. தன் ஏழாம் குழியின் ஒற்றை விதையை எடுத்து மாமாவின் முதல் குழியில் போட்டாள். அடுத்தது, மாமா இப்போதுதான் வழித்தெடுத்த காலிக் குழி. துடைத்து, அதற்கு அடுத்த குழியின் எட்டையும் அள்ளினாள். அதன்பிறகு ஆட்டம் மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்து குதித்தேன். அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

மாமாவின் அம்மா மகனையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னாடா, உங்க கம்பெனில இப்டித்தான் எண்றீங்களா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது.

"இருமா. ஒங்கம்மாவூட்லயே இரு. இனிமே இவன் வந்து ஆட வேணாம். கொழந்தையப் பாக்க நானே வர்றேன்" என்று அத்தையின் வயிற்றைத் தடவிக் கொடுத்தார். பிறகு ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று என்னை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்.

என்னை ஓட ஓட விரட்டினார். நான் ஒரு குழியை அள்ளுவதற்குள் அது எங்கே முடியும் என்று அவர் கண் போய் உட்கார்ந்துவிடும். "எம்புள்ளைக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எட்டு வயசுலயே என்னையே ஜெயிச்சான்" என்றார். எந்த அம்மாதான் தன் பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டாள் என்று விட்டுவிட்டேன்.

அன்று பிறக்காமல் இருந்த அந்தப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். மாமாவின் ஸ்டோர்ஸில் இத்தனை வருடத்தில் ஒரு வாஷர்கூடக் குறைந்ததில்லை என்பார்கள். வாராவாரம் தோற்கவேண்டும் என்றாலும் கடைசி விதை எங்கே விழும் என்று தெரிந்திருக்கவேண்டும் என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆயிற்று.

அன்றைக்கு எனக்கு இருந்ததெல்லாம் பரிதாபம்தான். அம்மா இவ்வளவு நன்றாக எண்ணுகிறார், பிள்ளைக்கு மட்டும் வரவில்லையே என்று மனசு கேட்கவில்லை. வாசல்வரை ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத மாமா, லீவ்ல வா, நான் ஒனக்கு எண்ணச் சொல்லித் தர்றேன்" என்றேன்.

"வர்றேன் டீச்சர்" என்றார் மாமா, சிரிக்காமல்.