அண்ணாந்து குடித்தவர்

பம்பு வேலையில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்தான். ஆனால் வாசலில் நின்றபடியே மோட்டார் சத்தத்தைக் கேட்டு, உள்ளே எந்த வாஷர் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார். சொந்தக் கையால் ஊன்றிய பட்டறை அது. ஊரே அவரைப் 'பம்பு மாமா' என்றது.

பட்டறையில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில். யாரும் வாய் வைக்கக் கூடாது. அண்ணாந்து, உயரத்திலிருந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். மாமா ஊற்றினால் மடமடவென்று முழுப் பாட்டிலும் போகும். சட்டையில் ஒரு சொட்டு படாது.

லேசான பக்கவாதம் வந்தது. கை சரியாகிவிட்டது, ஸ்பேனர் பிடித்தார். தொண்டையைப் பற்றி யாருக்கும் யோசனை இல்லை. ஒரு நாள் அதே பாட்டிலை உயர்த்தியவர், முகம் சிவந்து கண்ணில் நீர் வழிய இருமித் தள்ளினார்.

"யாரோ உங்கள நினைக்கிறாங்க முதலாளி" என்றான் தடியன். ஆள் பருமன் என்பதால் ஃபிட்டருக்கு அந்தப் பெயர்.

"உன் மாமியாரா இருக்கும். வேலையப் பாருடா!"

தினமும் யாரோ நினைத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் குளிர் காய்ச்சல் வந்தது, மூச்சு இரைத்தது. குடித்த தண்ணீர் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். விழுங்கும் பயிற்சி தரும் பெண் வந்து, ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கித் தேன் பதமாக்கி நீட்டினாள்.

"என்னம்மா இது, சுவரொட்டி பசையா? ரொட்டி தின்னா ஒண்ணும் ஆகல. வெறும் தண்ணிக்கு இவ்வளவு கூத்தா?"

"வெறும் தண்ணிதான் ஐயா மோசம். வேகமா ஓடிடும். மூச்சுக்குழாய் மூடுறதுக்குள்ள உள்ள நுழைஞ்சிடும். கெட்டியா இருந்தா மெதுவா வரும், மூட நேரம் கிடைக்கும்."

அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி கலக்கிக் கொடுத்த டம்ளரை அவள் முன்னாலேயே கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். நாற்பது பேருக்கு வேலை சொன்னவனுக்குப் பச்சைக் குழந்தை மாதிரி ஊட்டுகிறாளாம்!

"பசையக் குடிக்காம நீங்க பட்டறைக்குப் போறது இல்ல" என்று அவள் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவள் மாடிக்குப் போன சமயம் பார்த்துக் குழாயடியில் செம்பில் பிடித்து அண்ணாந்து குடித்தார். இருமலே வரவில்லை! சமையலறைக்கு வந்து மார்தட்டினார்.

"பாத்தியா? குடிச்சேன், ஒரு செருமல் இல்ல. சாவியக் குடு."

குரல் கொழகொழவென்று, தொண்டையில் நீர் தேங்கியது போல் வந்தது. மனைவியின் முகம் கறுத்தது.

"என்னங்க பேசுறீங்க நீங்க! வாய்க்குள்ள தண்ணி கொப்பளிக்கிற மாதிரி கேக்குது. பொய் சொல்லி என்னைய ஏமாத்தலாம், நுரையீரல ஏமாத்த முடியுமா?"

அன்று மாலையே மறுபடி காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அவருக்கு மனைவி மேல் கோபம், டாக்டர் மேல் கோபம், கட்டில் மேல்கூடக் கோபம். காய்ச்சல் தணிந்ததும் விழுங்கும் பயிற்சி தரும் பெண் அவரை எக்ஸ்ரே திரைமுன் நிமிர்ந்து உட்காரவைத்து, திரையில் தெரியும் மருந்து கலந்த தண்ணீரை ஒரு ஸ்பூன் கொடுத்தாள். கறுப்பு நீர் நாக்கைத் தாண்டி இறங்கியது. தொண்டை மேலே எழும்பி உள்ளிருக்கும் சிறு மூடி கவிழ்வதற்குள், ஒரு கோடு முன்பக்கத்து மூச்சுக்குழாயில் வழிந்துவிட்டது. அவர் இருமவே இல்லை.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே!"

"அதான் ஐயா ஆபத்து. உள்ள போனத உணர்ச்சி சொல்ல மாட்டேங்குது. இருமல் இல்லன்னா தண்ணி போகலன்னு அர்த்தம் இல்ல. அண்ணாந்தா வழி இன்னும் திறந்துக்கும்."

அடுத்ததாகக் கெட்டித் தண்ணீர். தாடையை மார்புப் பக்கம் தாழ்த்தி, சிறிய மடக்கு. கறுப்பு மெதுவாக உருண்டு பின்பக்கத்து உணவுக்குழாயில் இறங்கியது.

மாமா திரையை முறைத்தார்.

"வால்வு லேட்டா மூடுது. இந்த வேலைய வேற எவனாவது செஞ்சிருந்தா செவுள்ல ஒண்ணு விட்டிருப்பேன்" என்றார். அறைய யாரும் இல்லாத கோபம் அது.

பட்டறைக்குப் போன முதல் நாள் மனைவியும் கூடவே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் தடியன் பாட்டிலை நீட்டினான்.

"அத எங்கிட்ட நீட்டினா உன் கைய உடைப்பேன்! எல்லாருக்கும் தனித்தனி டம்ளர் வாங்கி வைங்கடா."

மனைவி கலக்கிக் கொடுத்த கெட்டித் தண்ணீரை வாயில் ஊற்றினார், பல்லைக் கடித்துத் தலை குனிந்தார். எவனுக்கும் தலை குனியாத ஆள். வேலையாட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விழுங்கினார். பிறகு மனைவியைப் பார்த்து, கோபத்தோடு, "ஆ..." என்று நீட்டினார்.

அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது. சிரிக்காமல் தலையை ஆட்டினாள்.

"என்னடா வேடிக்கை? மோட்டாரப் போடுடா!"